புதுப்பிப்பு: உறவினர்களின் திருமண நாள் வாழ்த்துகளுக்குத் தனித்தனிப் பதில்

முன்பு கேட்டது: “திருமண நாள் வாழ்த்துகள் குவிந்துவிட்டன. எல்லோருக்கும் ஒரே வரியை அனுப்ப மனம் வரவில்லை. எப்படிப் பதில் எழுதுவது?”

யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. கைகொடுத்தது, ‘அவர்கள் எழுதியதிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துத் தொடங்குங்கள்’ என்றவரின் வழி. “இருவரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்” என்று பெரியம்மா எழுதியிருந்தார். “எங்களை நோய்நொடி இல்லாமல் இருக்கச் சொன்னீர்கள் பெரியம்மா, உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன். உடனே தொலைபேசியில் அழைத்துவிட்டார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கேள்வியில் முடியும் பதில் உரையாடலைத் திறந்துவிடுகிறது. அதனால் பேச நேரம் இருந்தவர்களிடம் மட்டுமே கேள்வி கேட்டேன்.

வெறும் பூங்கொத்துப் படம் அனுப்பியவர்களிடம் எடுப்பதற்குச் சொல்லே இல்லை. அங்கே பழைய நினைவு உதவியது. சித்தி மகளுக்கு, “திருமணத்தன்று என் கைப்பையைக் கடைசிவரை நீதான் சுமந்தாய், மறக்கவில்லை” என்று எழுதினேன்.

பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்ற யோசனை, அதிகம் பழகாத தூரத்து உறவுகளுக்குச் சரி. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு வேண்டாம். பதில்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். வாழ்த்து எழுதும் முறையை விளக்கியவருக்கும் நன்றி, அது வேறொரு நாளுக்கு உதவும்.

குடும்பக் குழுவில் வாழ்த்தியவர்களுக்குத் தனியாக எழுதியதும், “குழுவில் ஏன் பதில் இல்லை?” என்று மாமா கேட்டார். இதற்கு இன்னும் வழி தெரியவில்லை.