தள்ளுபடியை ஈடுகட்டும் கூடுதல் விற்பனை: சொல் வேண்டும்

மீனா:
விலை வைப்பது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். தள்ளுபடி கொடுத்த பிறகும் பழைய லாபம் குறையாமல் இருக்க எவ்வளவு கூடுதலாக விற்க வேண்டுமோ, அந்த அளவுக்கு ஒரு சொல் தேவை. இப்போதைக்கு 'சமப்புள்ளி விற்பனை' என்று போட்டிருக்கிறேன். சரியா?

பழனிவேல்:
வேண்டாம் அம்மா. லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்ற இடம்தான் சமப்புள்ளி. நீங்கள் சொல்வது பழைய லாபத்தைத் திரும்ப எட்டும் இடம். படிப்பவர் கையைக் கடிக்காவிட்டால் போதும் என்று நினைத்துவிடுவார். 'ஈட்டு விற்பனை' எனலாமே.

அன்வர்:
ஈடு என்றதும் எனக்கு அடமானம்தான் நினைவுக்கு வருகிறது. அது போகட்டும், இதற்குத் தனிச்சொல்லே எதற்கு? 10 விழுக்காடு குறைத்தால் 11 விழுக்காடு கூட விற்றால் கணக்கு நேராகிவிடுமே.

பழனிவேல்:
நேராவது விற்பனைத் தொகைதான், லாபம் அல்ல. விலை 100, ஒன்றுக்கு ஆகும் செலவு 70, விற்பது 1000 என்று வையுங்கள். ஒன்றுக்கு 30 வீதம் 30,000 நிற்கும். விலையை 90 ஆக்கினால் செலவு அசையாது. குறைத்த 10 முழுவதும் அந்த 30-இலிருந்துதான் போகும். மிச்சம் 20. பழைய 30,000 வர 1500 விற்க வேண்டும், அதாவது 50 விழுக்காடு கூடுதல். நீங்கள் சொல்லும் 1110 விற்றால் 22,200தான் வரும்.

```
10 / (30 - 10) = 0.5
```

வாடகை, சம்பளம் இதில் வராது. கூடுதலாக விற்க ஆள் போட்டால், அந்தச் செலவை 20-ஆல் வகுத்து இன்னும் அத்தனை விற்க வேண்டும்.

கோமதி:
நானும் 30 விழுக்காடு வைத்துத்தான் விற்கிறேன். 10 விழுக்காடு குறைத்தேன், விற்பனை 60 விழுக்காடு கூடியது. ஆனாலும் லாபம் குறைந்துவிட்டதே?

பழனிவேல்:
அந்த 30 அடக்கவிலை மேல் வைத்ததா?

கோமதி:
ஆமாம் ஐயா.

பழனிவேல்:
அங்கேதான் இடறுகிறது. அடக்கம் 100 என்றால் விலை 130. அதில் 10 விழுக்காடு 13, மிச்சம் 17. முப்பதைப் பதினேழால் வகுத்தால் 1.76. ஆக 76 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்க வேண்டும். சூத்திரத்தில் போடும் 30 விற்கும் விலையில் 30 ஆக இருக்க வேண்டும்.

மீனா:
'ஈட்டு விற்பனை' என்றால் மொத்தம் 1500-ஆ, கூடின 500-ஆ? எனக்கு வேண்டியது 500. 'ஈடுகட்டு மிகை' எப்படி?

அன்வர்:
மிகை என்றால் தேவைக்கு மேல் என்று தொனிக்கிறது. இதுவோ விற்றே ஆக வேண்டிய அளவு. 'ஈட்டுக் கூடுதல்' என்றே வையுங்கள், அடமானம் என்று இனி சொல்லமாட்டேன்.

கோமதி:
அடுத்த மாதம் வாங்க வேண்டியவர்களும் தள்ளுபடியிலேயே வாங்கிவிட்டார்கள். அதுவும் ஈட்டுக் கூடுதலா?

பழனிவேல்:
இல்லை அம்மா, அது எப்படியும் வந்திருக்க வேண்டிய விற்பனை; முழு விலைக்கே போயிருக்கும். கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதற்கு அடுத்த மாத விற்பனை எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்காமல் வழியில்லை.

மீனா:
அப்படியானால் அதற்கும் ஒரு சொல் வேண்டுமே. 'முன்வாங்கல்'?