நிலத்தில் கிடைத்த 2 கோடியும் காலாவதியாகவிருந்த நஷ்டமும்: ஒரு நூற்பாலையின் டிஃபர்டு டேக்ஸ்

பருத்திக்காடு

டிஃபர்டு டேக்ஸ் தணிக்கையில் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நானே தொடங்குகிறேன்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. சிறிய ஆலைதான், ஆனால் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது என்பதால் இண்ட் ஏஎஸ் கணக்கு. 2023 மார்ச் 31 ஆண்டு முடிவு. அந்த வருடம் எப்படிப் போனது என்று இங்கே பலருக்கும் தெரியும். 2022 மே மாதத்தில் பஞ்சு ஒரு கண்டி லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த விலைக்கு வாங்கி வைத்தவர்கள், பஞ்சும் நூலும் இறங்கியபோது மாட்டிக்கொண்டார்கள். இந்த ஆலையும் இரண்டாவது அரையாண்டில் நஷ்டம் பார்த்தது.

புத்தகத்தில் வரி நஷ்டம் 30 கோடிக்கு டிடிஏ, அதாவது டிஃபர்டு டேக்ஸ் அசெட், எடுத்திருந்தார்கள். 25.168 சதவீதத்தில் 7.55 கோடி. ஆதாரமாக ஒரு தாள் கொடுத்தார்கள்: அடுத்த 5 வருடத்தில் மொத்த லாபம் 40 கோடி, நஷ்டம் 30 கோடி, ஆகவே போதும்.

நான் முதலில் அந்த 30 கோடியைப் பிரித்துத் தரச் சொன்னேன். அதில் 14 கோடி ஈடாகாத தேய்மானம். அதற்குக் காலக்கெடு கிடையாது. மீதி 16 கோடி வியாபார நஷ்டம், அதற்கு 8 வருடம்தான் ஆயுள். அந்த 16இல் 9 கோடி 2015-16ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 2021-22 லாபத்தில் ஈடுகட்டியது போக மிச்சம். 2023-24க்குள் பயன்படுத்தாவிட்டால் அது போய்விடும். அதாவது கையில் இருப்பது ஒரே ஒரு வருடம். ஐந்து வருட லாபத்தைக் கூட்டிக் காட்டினால் இந்த விஷயம் கண்ணுக்கே தெரியாது. 7 கோடி 2019-20ஐச் சேர்ந்தது, அதற்கு 2027-28 வரை நேரம் உண்டு.

சரி, 2023-24இல் எவ்வளவு லாபம்? அவர்கள் தாளில் 6 கோடி. ஆனால் அது புத்தக லாபம். நஷ்டத்தை ஈடுகட்டுவது வரிக் கணக்கில் வரும் லாபத்தில்தான். புத்தகத் தேய்மானம் 5 கோடியைக் கூட்டி, வரித் தேய்மானம் 6.9 கோடியைக் கழித்தால் 4.1 கோடிதான் நிற்கிறது. நடப்பு வருடத் தேய்மானத்தைக் கழித்த பிறகே பழைய நஷ்டத்துக்கு முறை வரும்.

அப்புறம் வங்கிக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். கடன் புதுப்பிக்கக் கொடுத்த சிஎம்ஏ டேட்டாவில், 2023-24 முதல் காலாண்டிலேயே 10 கோடிக்கு ஆட்டோகோனர் இயந்திரங்கள் வாங்குவதாக இருந்தது. டிடிஏ தாளில் அந்த இயந்திரமே இல்லை. அதன் வரித் தேய்மானம் 1.5 கோடி, வட்டி சுமார் 60 லட்சம். இரண்டையும் கழித்தால் மீதி 2 கோடி. 9 கோடியில் 2 கோடிதான் பயன்படும். 7 கோடி காலாவதியாகும். அதன் வரி 1.76 கோடியை டிடிஏவிலிருந்து எடுக்கச் சொன்னேன்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் கிடைத்தது. டிடிஎல், அதாவது டிஃபர்டு டேக்ஸ் லயபிலிட்டி, கணக்கில் புத்தகத்திலுள்ள மொத்த நிலையான சொத்து 70 கோடியிலிருந்து, வரிக் கணக்கில் தேய்மானம் போக மிஞ்சிய டபிள்யூடிவி 46 கோடியைக் கழித்து, 24 கோடி வேறுபாடு என்று போட்டிருந்தார்கள். அந்த 70இல் 8 கோடி நிலம். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது, வரியின் சொத்துத் தொகுதியிலும் அது வராது. வாங்கிய விலையிலேயே இருக்கும் நிலத்துக்கு டிடிஎல் போடக் காரணமே இல்லை. சரியான வேறுபாடு 16 கோடி. டிடிஎல் 2.01 கோடி அதிகமாக நின்றது. பழைய கோப்புகளைப் பார்த்தால் பல வருடமாக அப்படித்தான்.

நிதி அதிகாரி உடனே சொன்னார்: "பாருங்க மேடம், ஒன்று கூடுது, ஒன்று குறையுது. நிகரமா 25 லட்சம்தான் வித்தியாசம். ரெண்டையும் அப்படியே விட்டுடலாமே." இரண்டு நாள் இதே பேச்சு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நிலம் பழைய ஆண்டுகளின் பிழை, அது தொடக்க இருப்பில் போய் உட்கார வேண்டும். நஷ்டம் இந்த ஆண்டின் மதிப்பீடு, அது இந்த ஆண்டு லாபநஷ்டக் கணக்கில் வர வேண்டும். நிகரமாகப் பார்த்தால் இந்த வருட முடிவு 1.76 கோடி நன்றாகத் தெரியும், முதலீட்டாளருக்குக் காரணமே தெரியாது. கடைசியில் தணிக்கைக் குழுவில் வைத்தோம். இரண்டையும் தனித்தனியாகத் திருத்தினார்கள்.

மஞ்சள்ஃபைல்

நல்ல வேலை மேடம். ஆனால் எனக்கு ஒரு ஆட்சேபம். நஷ்டம் இருக்கும் கம்பெனியில் கையில் உறுதியான ஆர்டர் இல்லாமல் டிடிஏ போடவே கூடாது. கிட்டத்தட்ட முழு நிச்சயம் வேண்டும். நீங்கள் மீதி 23 கோடிக்கு எப்படி விட்டீர்கள்?

பருத்திக்காடு

நீங்கள் சொல்வது ஏஎஸ் 22 சார். அதில் ஈடாகாத தேய்மானமோ நஷ்டமோ இருந்தால் அந்த நிச்சயம் வேண்டும், சரிதான். இண்ட் ஏஎஸ் 12இல் லாபம் வர வாய்ப்பு அதிகம் என்றால் போதும். ஆனால் சமீபத்தில் நஷ்டம் பார்த்த கம்பெனி நம்பும்படியான வேறு ஆதாரம் காட்ட வேண்டும்.

23 கோடியில் 14 கோடிக்கு நான் லாப மதிப்பீட்டையே பார்க்கவில்லை. இயந்திரங்களில் 16 கோடி டிடிஎல் வேறுபாடு நிற்கிறதே, அது என்றைக்கு இருந்தாலும் திரும்பி வரும்போது வரிக்குரிய வருமானமாகத்தான் வரும். தேய்மானத்துக்குக் கெடு இல்லை, எப்போது வந்தாலும் அதில் ஈடுகட்டலாம். கிராஜுவிட்டி போன்றவை 1.5 கோடி, அதுவும் இந்த 16க்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அதே 16 கோடி அந்தப் பழைய 9 கோடிக்கு உதவாது. 2023-24இல் வரித் தேய்மானம் புத்தகத்தைவிட அதிகம், வேறுபாடு திரும்பவில்லை, இன்னும் வளர்கிறது.

நூல்கண்டு

வணக்கம். நான் ராஜபாளையம் பக்கம் ஒரு ஆலையில் கணக்கர். எங்களுக்கு இரண்டு வருடமாக டிடிஎஸ் ரீஃபண்ட் வரவில்லை, 26ஏஎஸ்ஸில் இருக்கிறது. இதை டிஃபர்டு டேக்ஸ் அசெட் என்று காட்டலாமா?

பருத்திக்காடு

இல்லை அண்ணா, அது கட்டிய வரி, திரும்ப வர வேண்டிய தொகை. நடப்பு வரிச் சொத்தில் காட்டுங்கள். டிஃபர்டு டேக்ஸ் என்பது இன்னும் கட்டவும் இல்லை, கேட்கவும் முடியாது. பின்னால் வரும் வருடங்களின் வரியைக் கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவுதான்.

ஆர்ட்டிகிள் மாணவி

மேடம், எங்கள் ஆபீஸில் போன வருட எக்செல்லை நகலெடுத்து எண்ணை மட்டும் மாற்றுகிறோம். நஷ்டம் உண்மையிலேயே இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

ஓய்வுபெற்ற ஆடிட்டர்

தம்பதியரில் ஒருவர் சொல்வதை மட்டும் கேட்டுப் பஞ்சாயத்து செய்ய முடியாது அம்மா. எக்செல் என்பது கம்பெனியின் பேச்சு. வரித்துறையிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரிட்டர்னில் நஷ்டத்துக்கு ஒரு ஷெட்யூல், ஈடாகாத தேய்மானத்துக்கு ஒரு ஷெட்யூல் இருக்கும். படிவம் 3சிடியில் 32ஆவது பத்தி. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பிறகு அசெஸ்மென்ட் ஆர்டர் வந்திருந்தால் அதில் நஷ்டத்தைக் குறைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தேய்மான வேறுபாட்டுக்கு 3சிடியின் 18ஆவது பத்தி.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு கம்பெனி 7 கோடி வியாபார நஷ்டத்துக்கு டிடிஏ வைத்திருந்தது. எல்லாம் ஒத்துப்போனது. அக்னாலெட்ஜ்மென்ட்டை எடுத்துத் தேதி பார்த்தால், கெடு முடிந்து 4 நாள் கழித்து ரிட்டர்ன் போட்டிருக்கிறார்கள். தாமதமான ரிட்டர்னில் வியாபார நஷ்டத்தை முன்னெடுக்க முடியாது, தேய்மானத்தை மட்டும் முடியும். முந்தைய தணிக்கையில் யாரும் தேதியைப் பார்க்கவில்லை. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு 119(2)(பி) மனு போட்டார்கள். மனு நிலுவையில் இருக்கும்போது டிடிஏ வைக்கலாமா என்று நானும் என் பார்ட்னரும் ஒத்துப்போகவில்லை. நான் எடுக்க வைத்தேன். அவர் இன்றும் அது அதிகக் கடுமை என்கிறார்.

பருத்திக்காடு, உங்களிடம் ஒரு கேள்வி. அந்த 6 கோடியை எதை வைத்து ஏற்றீர்கள்? பழைய பட்ஜெட்டையும் நடந்ததையும் ஒப்பிட்டீர்களா?

பருத்திக்காடு

ஒப்பிட்டேன் சார். அதற்கு முந்தைய 3 வருடத்தில் 2021-22 மட்டும்தான் பட்ஜெட்டைத் தொட்டது. மற்ற இரண்டிலும் பாதிதான் வந்தது. 2027-28 வரை நேரமிருந்த 7 கோடிக்கு அந்தப் பாதி விகிதத்தைப் போட்டுத்தான் பார்த்தேன், வரிக்குரிய லாபம் 9 கோடி சுமாருக்கு வந்தது, அதனால் ஏற்றேன். பஞ்சு விலைக்கும் நூல் விலைக்கும் நடுவில் கிலோவுக்குக் கிடைக்கும் இடைவெளி 3 ரூபாய் குறைந்தால் அதுவும் போதாது என்பதைக் குறிப்பில் எழுதச் சொன்னோம்.

முதல் வருடத்துக்கு மட்டும் 6 கோடியை அப்படியே விட்டேன். கையெழுத்திடும் முன் ஏப்ரல் மாதக் கணக்கு பட்ஜெட்டோடு ஒத்துப்போனது, அதனால்.

ஓய்வுபெற்ற ஆடிட்டர்

ஒரு மாதம் போதாது. அடுத்த நான்கு வருடத்துக்குப் பாதி என்றால், மூன்று வருடத்தில் இரண்டு முறை தவறிய பட்ஜெட்டுக்கு முதல் வருடத்திலும் பாதிதான். 3 கோடியில் தொடங்கியிருந்தால், உங்கள் கணக்குப்படியே அந்த 2 கோடியும் மிஞ்சியிருக்காது.

மஞ்சள்ஃபைல்

இதற்கு நானும் ஆமாம் சொல்கிறேன். அப்புறம் நிலம் பற்றி: 2023இல் இண்டெக்சேஷன் இருந்ததே. வரியில் நிலத்தின் விலை கூடுதலாக எடுத்துக்கொள்ளப்படும், அந்த வேறுபாட்டுக்கு டிடிஏ வர வேண்டாமா? எங்கள் கிளையன்ட் போட்டிருந்தார். 2024 ஜூலை பட்ஜெட்டில் அது நீக்கப்பட்டதும் ஒரே காலாண்டில் மொத்தத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று.

பருத்திக்காடு

அந்தக் கேள்வி எங்கள் கூட்டத்திலும் வந்தது. ஆலை நிற்கும் நிலம், விற்கும் எண்ணமில்லை. மூலதன ஆதாயம் வந்தால்தான் அது பயன்படும் என்பதால் வேண்டாம் என்றோம். வேறு மாதிரி முடிவெடுத்த ஆடிட்டர்களையும் எனக்குத் தெரியும், அவர்கள் வாதத்திலும் பொருள் இருந்தது.

சார், நீங்கள் சொன்னது நடந்தேவிட்டது. 2023 ஜூலைக்குப் பிறகு கதிர்களில் பாதியை நிறுத்தி வைத்தார்கள். புத்தக லாபம் 3 கோடிக்குச் சற்றுக் கீழேதான் வந்தது, வரிக் கணக்கில் எதுவும் மிஞ்சவில்லை. நான் விட்டுவைத்த 2 கோடியும் காலாவதியானது. அடுத்த ஆண்டு 50 லட்சத்தை எடுத்தோம். இப்போது எந்த ஆலைக்குப் போனாலும், கெடு முடியும் வருடத்துக்குப் பழைய பட்ஜெட் விகிதத்தைத்தான் முதலில் போடுகிறேன்.

ஆர்ட்டிகிள் மாணவி

சார், நீங்கள் சொன்னபடி இன்று ஒரு கிளையன்ட்டின் அக்னாலெட்ஜ்மென்ட் தேதிகளை எடுத்தேன். ஐந்து வருடத்தில் நான்கு சரி. ஒரு வருடத்துக்கு ரிவைஸ்டு ரிட்டர்ன் மட்டும்தான் கோப்பில் இருக்கிறது, முதலில் போட்டது இல்லை. அதைக் கேட்டிருக்கிறேன், நாளைக்குத் தருவதாகச் சொன்னார்கள்.