கிரைண்டருக்குப் பிளக் மாற்றினேன், ஆர்சிசிபி விழுகிறது

டவுன்தம்பி: அவசரம். கிரைண்டர் பிளக் உருகிவிட்டது, புதுசு வாங்கி நானே மாட்டினேன். போட்டால் ஆர்சிசிபி விழுந்து கரண்ட் போகிறது. பக்கத்து வீட்டில் நன்றாக ஓடுகிறது. ஆர்சிசிபி போச்சா? அரிசி ஊறிக் கிடக்கிறது.

தென்காசிசாரல்: மோட்டாரில் தண்ணீர் இறங்கியிருக்கும். எங்கள் வீட்டில் சாரல் நேரத்தில் இப்படித்தான். ஒரு நாள் வெயிலில் வையுங்கள்.

பாளைவயர்மேன்: தம்பி, எந்த நிற வயர் எந்தப் பின்னில்? பிளக்கைச் சொருகியதும் விழுகிறதா, கிரைண்டர் சுவிட்சைப் போட்டதும் விழுகிறதா? பக்கத்து வீட்டில் ஆர்சிசிபி உண்டா?

பழையகை: சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இதுகூடத் தெரியாதவர்கள் ஸ்க்ரூடிரைவரை எடுப்பானேன்?

டவுன்தம்பி: சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை அண்ணாச்சி. பிரவுன், நீலம், பச்சையில் மஞ்சள் கோடு. பிரவுன் மண் நிறம், அதனால் எர்த் என்று நினைத்துப் பெரிய பின்னில் மாட்டினேன். நீலம் எல், பச்சை என். கிரைண்டர் சுவிட்சைப் போட்டால்தான் விழுகிறது. பக்கத்து வீட்டில் ஆர்சிசிபி இல்லை.

பாளைவயர்மேன்: உடனே கழற்றி வையுங்கள், பக்கத்து வீட்டிலும் போடாதீர்கள். பிரவுன்தான் ஃபேஸ், எல். நீலம் நியூட்ரல், என். பச்சை மஞ்சள் எர்த், பெரிய பின். இப்போது கரண்ட் நீலத்தில் போய், மோட்டார் வழியாக, பிரவுனில் இறங்கி எர்த்தில் திரும்புகிறது. 150 வாட் கிரைண்டர் என்றால் அரை ஆம்பியருக்கு மேல். உங்கள் ஆர்சிசிபிக்கு 30 மில்லி ஆம்பியர் வழிமாறினாலே போதும், விழுந்துவிடும். அது சரியாகத்தான் வேலை செய்கிறது.

பயம் வேறு இடத்தில். பாடியோடு சேர்ந்த பச்சை வயர் இப்போது நியூட்ரல் பின்னில். ஏதாவது ஒரு சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் பாடி முழுக்க 230 வோல்ட். பச்சையை எல்லில் மாட்டியிருந்தால் உங்கள் வீட்டிலேயே அப்படி.

மாற்றிய பிறகு, சாக்கெட்டில் சொருகாமல், மல்டிமீட்டரில் பாருங்கள். பாடிக்கும் பெரிய பின்னுக்கும் பீப் வரணும், சின்னப் பின்கள் இரண்டிலும் வரக்கூடாது.

ஊர்சுற்றி: பெரிய பின் மேலே இருந்தால் இடது பக்கம்தான் ஃபேஸ், நிறமே பார்க்க வேண்டாம்.

பழையகை: தப்பு. வலது.

பாளைவயர்மேன்: சாக்கெட்டை நேரே பார்த்தால் வலது. பின்கள் உங்களைப் பார்த்திருக்க பிளக்கைப் பிடித்தால் இடது. இந்தச் சண்டைக்குத்தான் பின்னுக்குப் பக்கத்தில் எழுத்து போட்டிருக்கிறான்.

பழையகை: நாப்பது வருஷமாக வலதுதான்.

தென்காசிசாரல்: ஆனாலும் மோட்டாரைக் காயவைப்பது நல்லது.

டவுன்தம்பி: பழைய மாட்டலில் மீட்டர் சின்னப் பின்னில்தான் கத்தியது. மாற்றியாச்சு, இப்போது பெரிய பின்னில் கத்துகிறது, ஆர்சிசிபி விழவில்லை. மாவு அரைபடுகிறது.

பாளைவயர்மேன்: பழைய பிளக் ஏன் உருகியது? சாக்கெட்டில் லூஸ் இருக்கா பாருங்கள். தம்பி?