ஆர்டிஎக்ஸ் 3060 வைத்துக்கொண்டு 34 இன்ச் அல்ட்ராவைடு வாங்கலாமா?

கெடிலக்கரை (கடலூர்): மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் 34 இன்ச், 3440×1440 மானிட்டர் பார்த்தேன். இப்போது இருப்பது 24 இன்ச் 1080. கார்டு ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, பிராசசர் ஐ5 12400எஃப். பகலில் கணக்கு வேலை, ராத்திரி ஓப்பன் வேர்ல்டு கேம். பழைய மானிட்டரைப் பக்கத்தில் வைத்து அதில் கிரிக்கெட் ஓடும். எஃப்பிஎஸ் 60க்குக் கீழே போகாமல் இருக்குமா?

சில்வர்பீச்: தாராளமாக வாங்குங்க ப்ரோ. 12 ஜிபி விராம் இருக்கிறது, 4கே கூடத் தாங்கும். ஆனால் பக்கத்து மானிட்டரைக் கழற்றிவிடுங்கள். அல்ட்ராவைடு 50 லட்சம் பிக்சல், பழசு இன்னொரு 20 லட்சம். மொத்தம் 70 லட்சத்தையும் கார்டுதான் வரைய வேண்டும்.

தென்பெண்ணை: இரண்டு விஷயத்திலும் எனக்கு உடன்பாடில்லை. விராம் என்பது பொருளை வைக்கும் இடம், வரையும் வேகம் அல்ல. 12 ஜிபி இருந்தால் டெக்ஸ்சரை உயர்வாக வைத்தாலும் இடம் போதும். ஆனால் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிழல், வெளிச்சம், பிரதிபலிப்பு கணக்குப் போடுவது கார்டின் கோர்கள். அவை 3060இல் எத்தனை இருக்கிறதோ அத்தனைதான்.

பக்கத்து மானிட்டர் கணக்கில் அநேகமாக வராது. கேம் வரைவது தன் சன்னலுக்குள் இருக்கும் பிக்சலை மட்டுமே. டெஸ்க்டாப்பில் அசையாமல் நிற்கும் எக்செல்லுக்குச் செலவு மிகக் குறைவு. கிரிக்கெட் வீடியோவைப் பிரிக்கக் கார்டிலேயே தனிப் பகுதி உண்டு. பிரவுசரில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் அணைந்திருந்தால்தான் அந்த வேலை பிராசசர் தலையில் விழும்.

கேமின் கணக்கு இதுதான். 1080 என்றால் சுமார் 20.7 லட்சம் பிக்சல். 3440×1440 என்றால் 49.5 லட்சம். கிட்டத்தட்ட 2.4 மடங்கு. அதற்காக எஃப்பிஎஸ் அப்படியே 2.4ஆல் வகுபடாது. நிழல் வரைபடம் தயாரிப்பது, உருவங்களின் முக்கோணங்களைக் கணக்கிடுவது போன்றவை பிக்சல் கூடினாலும் பெரிதாக மாறாது.

லாஸ்பேட்டைவாசி (புதுச்சேரி): நான் மூன்று 1080 மானிட்டரைச் சேர்த்து 5760×1080இல் கார் ரேஸ் விளையாடுகிறேன். பக்கவாட்டுக் கண்ணாடி வரை தெரியும், அந்த அனுபவமே தனி. அல்ட்ராவைடு பாதி வழி மாதிரிதான். மூன்றாகவே போங்கள்.

தென்பெண்ணை: அது 62 லட்சம் பிக்சல், அல்ட்ராவைடைவிட இன்னும் கால் மடங்கு பாரம். ரேஸ் கேம் உங்களுக்கு நன்றாக ஓடலாம். அவர் கேட்பது ஓப்பன் வேர்ல்டு. நடுவில் இரண்டு சட்டம் நின்றால் கணக்கு வேலைக்கும் இடைஞ்சல்.

கெடிலக்கரை தம்பி, காசு கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். NVIDIA Control Panel திறந்து, Manage 3D settings உள்ளே DSR - Factors என்ற வரியில் 2.25x மட்டும் டிக் செய்யுங்கள். DL என்று தொடங்கும் தொகுதியில் இருப்பது வேண்டாம், கீழே இருக்கும் பழைய முறைதான் வேண்டும். அப்புறம் கேமில் 2880×1620 என்ற தெளிவு வரும். அது 46.7 லட்சம் பிக்சல், அல்ட்ராவைடைவிட 6 சதவீதம்தான் குறைவு. ஒரே இடத்தில் நின்று, ஒரே செட்டிங்கில், 1080இலும் இதிலும் அளந்து சொல்லுங்கள். கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது என்பதையும் பாருங்கள்.

கெடிலக்கரை: பார்த்துவிட்டேன் அண்ணா. காட்டுப் பகுதியில் 1080இல் 88. 2880×1620இல் 47. அதிலேயே டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி போட்டால் 72. கார்டு முழுதாக உழைக்கிறது. ஆனால் கேமில் வரும் சந்தைத் தெருவில் 1080இல் 61, டிஎல்எஸ்எஸ் போட்ட 1620இல் 58. அங்கே கார்டு 70 சதவீதத்தில் நிற்கிறது.

தென்பெண்ணை: நல்ல அளவு. காட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். 88 என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 11.4 மில்லிசெகண்ட், 47 என்றால் 21.3. பிக்சல் 2.25 மடங்கு ஆனபோது 9.9 கூடியிருக்கிறது. அப்படியானால் 1080இல் பிக்சலைச் சார்ந்த வேலை சுமார் 7.9, மாறாத வேலை 3.5. அல்ட்ராவைடுக்கு 7.9ஐ 2.39ஆல் பெருக்கி 3.5 சேர்த்தால் 22.4. அதாவது 45 எஃப்பிஎஸ். டிஎல்எஸ்எஸ் இல்லாமல் 60 கிடையாது.

குவாலிட்டி முறையில் 3440×1440க்கு உள்ளே வரைவது ஏறக்குறைய 2293×960. அது 22 லட்சம் பிக்சல், பழைய 1080க்குக் கொஞ்சம் மேல். ஆனாலும் 88 திரும்ப வராது. படத்தைப் பெரிதாக்கும் வேலைக்கே நேரம் போகும், சில எஃபெக்டுகள் முழு அளவில்தான் ஓடும். உங்கள் 72ஐ வைத்துப் பார்த்தால் காட்டில் 65 முதல் 70 வரை எதிர்பார்க்கலாம்.

சந்தைதான் சிக்கல். அங்கே கார்டு சும்மா நிற்கிறது, பிராசசர்தான் திணறுகிறது. டிஎஸ்ஆர் சோதனை காட்டாத ஒன்றும் இதில் உண்டு. அதில் பார்க்கும் கோணம் அப்படியேதான் இருக்கும். 21:9இல் இரண்டு பக்கமும் கூடுதலாக ஆட்களும் கடைகளும் தெரியும், அத்தனையையும் வரையச் சொல்லிக் கட்டளை அனுப்புவது பிராசசர். அதனால் 58 இன்னும் இறங்கும். டிஎல்எஸ்எஸை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றினாலும் அங்கே ஒரு எஃப்பிஎஸ்கூட ஏறாது. கூட்டத்தின் அடர்த்தியையும் தூரத்துப் பொருள்களையும் குறையுங்கள். ரே டிரேசிங் போட்டிருந்தால் அதையும் அணையுங்கள், அது பிராசசரையும் தின்னும்.

சில்வர்பீச்: ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டால் முடிந்தது. 45ஐ 80 ஆக்கிவிடலாம்.

தென்பெண்ணை: டிஎல்எஸ்எஸின் ஃப்ரேம் ஜெனரேஷன் 30 வரிசைக் கார்டில் இல்லை. கேமில் எஃப்எஸ்ஆர் 3 இருந்தால் அதன் முறை ஓடும், அந்த மட்டும் நீங்கள் சொல்வது சரி. ஆனால் நடுவில் பொய் ஃப்ரேம் செருக அடுத்த நிஜ ஃப்ரேமுக்குக் காத்திருக்க வேண்டும். 45இல் தொடங்கினால் எண் ஏறும், மவுஸ் இழுபடும். 60ஐத் தொட்ட பிறகு போட்டால் பொறுத்துக்கொள்ளலாம்.

சில்வர்பீச்: கதை கேமுக்கு மவுஸ் இழுத்தால் என்ன? நான் கன்ட்ரோலரில் அப்படித்தான் விளையாடுகிறேன், எனக்குக் குறை தெரியவில்லை.

ரோடியர்மேடு (முதலியார்பேட்டை): 29 இன்ச், 2560×1080 யாருமே சொல்லவில்லையே? 27.6 லட்சம் பிக்சல்தான், 1080ஐவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். அவருடைய காட்டுக் கணக்கிலேயே டிஎல்எஸ்எஸ் இல்லாமல் 70க்கு மேல் வரும்.

தென்பெண்ணை: கேமுக்குச் சரியான யோசனை. கணக்கு வேலைக்கு உயரம் 1080ஆகவே நிற்கிறது, எக்செல்லில் ஒரு வரிகூட அதிகம் தெரியாது. 34 இன்ச்சிலும் 2560×1080 விற்கிறார்கள், அதை மட்டும் தொடாதீர்கள். எழுத்து இப்போதைய 24 இன்ச்சைவிடக் கரடாகத் தெரியும்.

ரோடியர்மேடு: வரி அதிகம் வேண்டுமானால் பழைய மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பிக்கொள்ளட்டும். 34க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அடுத்த கார்டுக்கு ஆகும்.

கெடிலக்கரை: கூட்டத்தைக் குறைத்துவிட்டுச் சந்தையில் இன்னொரு முறை அளந்தேன், 74 வந்தது. 34 பக்கம்தான் மனம் போகிறது. கடையில் இருக்கும் மாடலுக்கு விஆர்ஆர் 48 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறதாம். அது போதுமா?

தென்பெண்ணை: போதும். 50, 60க்கு நடுவில் ஆடும்போது படம் கிழியாது. எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் உச்சத்துக்கு மூன்று குறைவாகப் பூட்டிவைத்துக்கொள்ளுங்கள். பழைய மானிட்டரை இணைத்த பிறகு, சும்மா இருக்கும்போதும் கார்டின் மெமரி வேகம் இறங்காமல் நின்று சூடேறினால், டெஸ்க்டாப்பில் இரண்டுக்கும் ஒரே ஹெர்ட்ஸ் வைத்துப் பாருங்கள்.