பிரெஞ்சில் வந்த வெபினார் அழைப்பும் நான் தவறவிட்ட ஒரு மணி நேரமும்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தேன்மொழி (சென்னை)

நான் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் சென்னைக் கிளையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பிரெஞ்சு மொழியை ஏ2 என்ற அடிப்படை நிலை வரை படித்திருக்கிறேன். 2025 மார்ச் 10, திங்கட்கிழமை, பாரிஸ் தலைமையகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பிரான்சில் 2026 செப்டம்பர் முதல் எல்லா நிறுவனங்களும் மின்னணு விலைப்பட்டியலைப் பெறத் தயாராக இருக்க வேண்டும் என்ற விதி வருகிறது. அதைப் பற்றிய வெபினாருக்கான அழைப்பு அது. எங்கள் வேலையை நேராகத் தொடும் விஷயம் என்பதால் ஆவலோடு படித்தேன். முக்கியமான வரிகள் இவை:

```
Le jeudi 3 avril 2025, de 14 h à 15 h 30 (heure de Paris)
Merci de confirmer votre participation avant le vendredi 21 mars
à l'aide du formulaire ci-dessous.
Le lien de connexion vous sera adressé la veille.
```

ஏப்ரல் 3 வியாழன், பாரிஸ் நேரப்படி 14 மணி முதல் 15.30 வரை கூட்டம். மார்ச் 21க்கு முன் கீழே உள்ள படிவத்தில் உறுதி செய்வது பற்றி ஒரு வரி, இணைப்பு முந்தின நாள் வரும் என்று ஒரு வரி. ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியும். ஆனாலும் இரண்டு இடத்தில் தவறினேன்.

முதலாவது 'மெர்சி து கன்ஃபிர்மே'. மெர்சி என்றால் நன்றி. அதனால் "உறுதி செய்ததற்கு நன்றி" என்று எடுத்துக்கொண்டேன். மேலாளர் எங்கள் எல்லாருடைய பெயரையும் ஏற்கெனவே கொடுத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, கீழே இருந்த படிவத்தைத் தொடவே இல்லை. 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை பக்கத்து இருக்கைத் தோழி "நீ பதிவு செய்தாயா?" என்று கேட்டபோதுதான் விழித்தேன். உடனே திறந்தால், பதிவு முடிந்துவிட்டது என்று வந்தது. 21ஆம் தேதி இன்னும் முடியவில்லையே என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏற்பாட்டாளருக்கு எழுதினேன். அவர் அன்பாகச் சேர்த்துக்கொண்டார்.

இரண்டாவது நேரம். மின்னஞ்சல் வந்த அன்றே கணக்கிட்டு, பாரிஸ் 14 மணி என்றால் நமக்கு மாலை 6.30 என்று நாட்காட்டியில் குறித்துவைத்தேன். மார்ச் 10 அன்று அது சரியான கணக்குதான். ஆனால் மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிட்டார்கள். ஏப்ரல் 3 அன்று 14 மணி என்பது நமக்கு 5.30. நான் 6.30க்கு நுழைந்தபோது ஒரு மணி நேரப் பேச்சு முடிந்து, கேள்வி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்க நினைத்த கேள்விக்குப் பதில் அதற்கு முன்பே சொல்லியாகிவிட்டது.

என் கேள்வி இதுதான்: 'அவான் லு 21' என்றால் 21 சேருமா, சேராதா? உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

செல்வம்

21 சேரும். ஆறு வருடமாகப் பிரெஞ்சு வாடிக்கையாளர்களோடு வேலை செய்கிறேன். 'அவான்' என்று எழுதியிருந்தால் அன்றைக்கு மாலைக்குள் பதில் போட்டுவிடுவேன். ஒருவர்கூடத் தாமதம் என்று சொன்னதில்லை. உங்கள் படிவத்தைத் தவறாக அமைத்திருக்கிறார்கள்.

நேரத்துக்கு என் வழி எளிது. குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி கூட்டிக்கொள்வேன். மார்ச் 1, அக்டோபர் 1 இரண்டு நாளும் மாறும்.

நதியா (பாரிஸ்)

தேன்மொழி, நான் பாரிஸுக்குப் பக்கத்தில் லா தெஃபான்ஸ் வட்டாரத்தில் ஒரு நிறுவனத்தில் உதவியாளராக இருக்கிறேன். நீங்கள் காட்டியதைப் போன்ற அழைப்புகளை எழுதி அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி. எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

'மெர்சி து' என்று தொடங்கி வினைச்சொல் மூல வடிவில் வந்தால் அது வேண்டுகோள், "தயவுசெய்து உறுதி செய்யுங்கள்" என்று அர்த்தம். இன்னும் சொன்னால் மரியாதையாகச் சொன்ன கட்டளை. நீங்கள் ஏற்கெனவே செய்த காரியத்துக்கு நன்றி என்றால் 'மெர்சி தவ்வார் கன்ஃபிர்மே' என்று வரும். நடுவில் அந்த 'அவ்வார்' இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அலுவலக மின்னஞ்சலில் 'மெர்சி து' வந்து அடுத்து இப்படி வினைச்சொல் வருகிற வரி எல்லாம் உங்களிடம் ஒரு வேலையைக் கேட்கிற வரி. முதலில் அதைத் தேடிப் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

'அவான் லு 21' விஷயத்தில் செல்வம் சொல்வது பழக்கத்தில் பல இடங்களில் நடப்பதுதான். மனிதர் ஒருவர் அஞ்சல் பெட்டியைப் பார்த்துப் பெயர் குறிக்கிற இடத்தில் 21 காலையில் வந்ததையும் சேர்த்துக்கொள்வார். ஆனால் சொல்லின் பொருள் "21க்கு முன்" என்பதுதான். படிவத்தை அமைப்பவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டால் 20ஆம் தேதி இரவு 23.59க்கு மூடச் சொல்லிவிடுவார். உங்கள் படிவத்துக்கு அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதே குழப்பத்தில் எங்கள் நிகழ்ச்சி ஒன்றுக்கே பத்துப் பேர் விடுபட்டுப் போனார்கள். அதிலிருந்து நான் 'அவான்' எழுதுவதில்லை. 'ஓ ப்ளு தார் லு', அதாவது "தாமதித்தாலும் இந்த நாளுக்குள்" என்று எழுதி, நாள், மணி, பாரிஸ் நேரம் மூன்றையும் போடுகிறேன். சிலர் 'ஜுஸ்கோ' போட்டு, கடைசியில் 'ஆங்க்ளு' என்று சேர்ப்பார்கள். அப்படி இருந்தால் அந்த நாளும் சேர்ந்தது என்று தயக்கமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

கடிகாரம் மாறுவது செல்வம் சொன்ன தேதிகளில் இல்லை. மார்ச்சிலும் அக்டோபரிலும் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாறும். அதனால் மார்ச்சில் பெரும்பகுதி இன்னும் நாலரை மணி வித்தியாசம்தான்.

செல்வம்

தேதி விஷயத்தில் நான் தவறு, சரி. 'அவான்' பற்றி இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் வாடிக்கையாளரையே ஒருமுறை கேட்டேன், "அன்று மாலை வரை" என்றுதான் சொன்னார்.

காரைக்கால் பெரியவர்

என் மகள் பிரான்சில் சார்செல் பக்கம் இருக்கிறாள். எனக்கும் அழைப்பு அனுப்பினாள், ஆனால் விசா மையத்தில் மின்னஞ்சல் அழைப்பு போதாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் 30 யூரோ முத்திரைக் கட்டணம் கட்டி, 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற தாளை வாங்கி, அசலைத் தபாலில் அனுப்பிய பிறகுதான் வேலை நடந்தது. அதனால் தங்கச்சி, மின்னஞ்சலை நம்ப வேண்டாம், மூலத்தாளைக் கேட்டு வாங்குங்கள்.

நதியா (பாரிஸ்)

ஐயா, நீங்கள் சொல்வது உறவினரை வீட்டில் தங்கவைக்க நகராட்சி தருகிற சான்று. குடும்பத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது சரியான வழிதான். தேன்மொழிக்கு வந்தது கணினி வழியாகக் கேட்கும் கூட்டம், அதற்கு விசா வேண்டாம்.

ஆனால் ஐயா சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அழைப்பில் 'ஆன் ப்ரெஸான்சியேல்' என்றிருந்தால் நேரில் வர வேண்டிய கூட்டம், 'ஆன் திஸ்தான்சியேல்' என்றால் தொலைவிலிருந்து. இரண்டும் இருந்தால் படிவத்தில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். நேரில் வருபவர்களின் பெயர்ப்பட்டியலை முந்தின நாளே கட்டிட வரவேற்பறைக்குக் கொடுத்துவிடுவோம். பட்டியலில் பெயர் இல்லாதவரை அடையாள அட்டை இருந்தாலும் உடனே மேலே விடமாட்டார்கள். உணவுக்கும் அதே எண்ணிக்கையைத்தான் சொல்கிறோம். பதில் நாள் நிகழ்ச்சிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே வைப்பது இதற்காகத்தான். நேரில் ஒருவர் கடைசி நாளில் கேட்டால் எனக்கு நிஜமாகவே கஷ்டம். வெபினாரில் ஒருவரைச் சேர்ப்பது எனக்கு ஒரு நிமிட வேலை. அதனால் தாமதமாகிவிட்டது என்று கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள், தேன்மொழி செய்ததுபோல எழுதிக் கேளுங்கள்.

மொன்றியல் குமரன்

நான் கியூபெக்கில் இருக்கிறேன். எங்களுக்கு வருகிற அழைப்பும் பிரெஞ்சில்தான், ஆனால் சில சொற்கள் பாரிஸ் மாதிரி இல்லை. வந்த புதிதில் ஒரு 'தினே' கூட்டத்துக்கு அழைத்தார்கள். வகுப்பில் 'தினே' என்றால் இரவுச் சாப்பாடு என்று படித்திருந்தேன். நேரத்தைச் சரியாகப் பார்க்காமல் மாலைக்கு வேறு வேலைகளை ஒதுக்கிவைத்தேன். இங்கே அந்தச் சொல் மதியச் சாப்பாட்டைக் குறிக்கும். இரவுக்கு 'சூப்பே'. கூட்டம் முடிந்து இரண்டு மணிக்குத்தான் எனக்குத் தெரியவந்தது.

நேரத்திலும் ஒன்று. நாங்கள் கடிகாரத்தை மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே மாற்றிவிடுவோம். 2025இல் அது 9ஆம் தேதி. அதிலிருந்து 30 வரை பாரிஸுக்கும் எங்களுக்கும் ஆறு மணிக்குப் பதில் ஐந்து மணிதான் வித்தியாசம். அந்த மூன்று கிழமையில் பாரிஸ் கூட்டம் என்றால் நான் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பேன்.

நதியா (பாரிஸ்)

குமரன் சொல்வது போல மனக்கணக்கு வேண்டாம். நாட்காட்டியில் நிகழ்ச்சியைப் பதியும்போது நேர மண்டலத்தை Europe/Paris என்று தேர்ந்தெடுத்து 14.00 என்றே போடுங்கள். கடிகார மாற்றத்தை அது தானாகவே கணக்கில் எடுத்து, உங்கள் திரையில் 5.30 என்று காட்டும். தேன்மொழி செய்தது நாமே இந்திய நேரமாக மாற்றிப் பதிந்தது, அதனால் அது மார்ச் 10 கணக்கிலேயே நின்றுவிட்டது. அழைப்போடு .ics கோப்பு இணைத்திருந்தால் அதைத் திறந்து சேர்ப்பது இன்னும் நல்லது.

அப்புறம், 'லா வேய்' என்றால் முந்தின நாள். இணைப்பு ஏப்ரல் 2 அன்றுதான் வரும். அன்று மாலைவரை வராவிட்டால் வேண்டாத மின்னஞ்சல் பெட்டியைப் பாருங்கள், அதிலும் இல்லையென்றால் உடனே எழுதுங்கள். நிகழ்ச்சி நாள் காலையில் எழுதினால் பார்க்க ஆள் இருக்காது, நாங்கள் ஒலிவாங்கியோடும் திரையோடும் நின்றுகொண்டிருப்போம்.

தேன்மொழி (சென்னை)

அக்கா, மிகவும் நன்றி. நான் போன மாதம் பதிந்ததையெல்லாம் இப்போதே பாரிஸ் நேரத்துக்கு மாற்றிவிட்டேன். அதில் இரண்டு ஏற்கெனவே தவறாக இருந்தன.

ஒரு புதுச் சந்தேகம். இன்று காலை வந்த இன்னொரு அழைப்பில் பதில் நாளே இல்லை. 'சூ யித்தேன்' பதில் தருமாறு மட்டும் இருக்கிறது. யித் என்றால் எட்டு என்பதால் எட்டு நாள் என்று எடுத்துக்கொள்ளட்டுமா?

நதியா (பாரிஸ்)

சொல் எட்டு நாளைச் சொன்னாலும் அவர்கள் மனதில் இருப்பது ஒரு வாரம். அதேபோல 'கேன்ஸேன்' பதினைந்து நாள் போலத் தோன்றும், ஆனால் இரண்டு வாரம். வியாழன் வந்த கடிதத்துக்கு அடுத்த வியாழனுக்குள் பதில் போனால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அனுப்பிய நாளிலிருந்தா, நீங்கள் படித்த நாளிலிருந்தா என்று என்னால் சொல்ல முடியாது, எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும்.

செல்வம்

எட்டு நாள்தான். முதல் நாளையும் சேர்த்து எண்ணினால் வியாழன் முதல் வியாழன் வரை எட்டு.

தேன்மொழி (சென்னை)

சரி, மின்னஞ்சலின் கீழே தொலைபேசி எண் இருக்கிறது. நாளை மதியம் 1.30க்கு, அங்கே காலை பத்து மணி ஆகும்போது, அழைத்துக் கேட்கிறேன். தேதியைச் சொன்னதும் இங்கே வந்து எழுதுகிறேன்.