புதுப்பிப்பு: ஃபிளாஷில் வெளுத்த அம்மாவின் முகம்

“ஃபிளாஷ் பட்டு அம்மா முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கு. அவங்க நிறம் திரும்ப வருமா?” என்று இங்கே கேட்டிருந்தேன்.

பெரும்பாலும் வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

படம் முழுக்க வார்ம்த் கூட்டச் சொன்ன நண்பர் பாதி சரி. முகம் தேறியது, பின்சுவர் மஞ்சளானது. கைகொடுத்தது, “எக்ஸ்போஷரைத் தொடாதீங்க, ஹைலைட்ஸை மட்டும் இறக்குங்க” என்ற அக்காவின் யோசனைதான். -40 வைத்ததும் கன்னத்தின் மாநிறமும் மூக்கோர மச்சமும் தெரிந்தன. பிறகு முகத்தை மட்டும் மாஸ்க் செய்து வார்ம்த் +10.

எதிர்பாராதது நெற்றிதான். நடுவில் முழு வெள்ளையான இடத்தில் நிறமே பதிவாகவில்லை. இறக்க இறக்கச் சாம்பல் பூத்தது. பக்கத்துத் தோலை குளோன் செய்து, 30% அடர்த்தியில் மெல்ல மெல்லப் பூசினேன். பெரிதாக்கிப் பார்த்தால் திட்டு இன்னும் தெரிகிறது. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

சிவப்புக் கண் பற்றிக் கேட்ட தம்பிக்கு: அது வேறு கோளாறு, இது உதவாது.