காற்றைவிடக் கனமான வாயு ஊசித்துளை வழியே காற்றைவிட வேகமாக வெளியேறுகிறதே, மோலார் நிறைக் கணக்கில் எங்கே பிழை?

தண்டையார்பேட்டை மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் இளநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பெயர் சொல்லாமல் ஒரு ரப்பர் பையில் கொடுக்கப்பட்ட வாயுவின் மோலார் நிறையை, காற்றோடு ஒப்பிட்டுக் கிரகாம் விதியின் மூலம் கண்டறிய வேண்டும் என்பது எங்களுக்குத் தரப்பட்ட பணி.

50 மி.லி. கண்ணாடிச் சிரிஞ்சின் முனையில் 26 கேஜ் ஊசியைப் பொருத்தி, அதைச் செங்குத்தாக நிறுத்தி, பிஸ்டன் தன் எடையாலேயே கீழிறங்கும்படி விட்டேன். பிஸ்டன் 45ஆம் கோட்டிலிருந்து 5ஆம் கோட்டுக்கு வர எடுக்கும் நேரத்தைக் குறித்தேன். காற்றுக்கு 104 நொடி, தெரியாத வாயுவுக்கு 92 நொடி. திரும்பத் திரும்ப அளந்தும் ஓரிரு நொடிக்கு மேல் மாறவில்லை.

M = 29 × (92/104)² = 22.7

ஆனால் இதே வாயுவை ஒரு குவளைக்குள் மெல்ல விட்டபோது, உள்ளே உயரம் மாற்றி வைத்திருந்த இரண்டு மெழுகுவத்திகளில் தாழ்வானதே முதலில் அணைந்தது. காற்றைவிடக் கனமான வாயுவுக்கு மோலார் நிறை 29க்குக் குறைவாக எப்படி வரும்?

வியாசர்பாடி டியூஷன்

தம்பி, விகிதத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வேகம் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பதுதான் விதி. (104/92)² என்று மாற்றிப் போட்டால் 37 வருகிறது. வாயுவைத் தண்ணீருக்கு மேல் சேகரித்திருந்தால் நீராவி கலந்து நிறையைக் குறைத்துக் காட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சிறிய அளவாக இருக்காது. அதையும் திருத்தினால் விடை கார்பன் டைஆக்சைடின் 44ஐ நெருங்கிவிடும்.

சவுகார்பேட்டை பலூன்

நான் விழாக்களுக்கு அலங்காரம் செய்பவன். மாலையில் ஹீலியம் நிரப்பிய ரப்பர் பலூன்கள் மறுநாள் காலையில் தொங்கிப் போகின்றன. வாயால் ஊதியவை அப்படியே நிற்கின்றன. இதுவும் நீங்கள் சொல்லும் விதியால்தானா? அப்படியானால், பணம் கொடுத்து வாங்கும் ஹீலியத்தை நிறுத்தி வைக்க ஏதேனும் வழி உண்டா?

மணலி ஆய்வகத்துக்காரர்

முதலில் கணக்கைப் பார்ப்போம். தம்பி போட்டது சரி. வேகம்தான் எதிர்விகிதம், நேரம் நிறையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். அவர் அளந்தது நேரம் என்பதால், தெரியாத வாயுவின் நேரம் மேலேதான் வர வேண்டும். 37 என்பது தலைகீழாக்கியதால் தற்செயலாகக் கிடைத்த எண். நீராவியும் இதற்குக் காரணமாக முடியாது: 30 பாகை செல்சியசில் வாயு முழு ஈரத்தோடு இருந்தாலும் நீராவியின் பங்கு நூற்றுக்கு நான்கை ஒட்டித்தான் இருக்கும்; 44 என்பது 43 ஆகுமே தவிர 23 ஆகாது.

குறை ஊசியில் இருக்கிறது. அதை நீங்கள் துளை என்று நினைக்கிறீர்கள், ஆனால் அது குழாய். 26 கேஜ் ஊசியின் உள்விட்டம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்; நீளமோ அரை அங்குலம், அதாவது விட்டத்தைப் போல் ஐம்பது மடங்கு. அத்தகைய குழாயில் வாயு சுவரோடு உராய்ந்துகொண்டே செல்கிறது. வேகத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது பாகுநிலை, நிறை அன்று. கார்பன் டைஆக்சைடின் பாகுநிலை காற்றினுடையதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் கனமான அந்த வாயு ஊசி வழியே காற்றை முந்திவிடும். உங்கள் வாயு அதுதானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் 92 நொடி அதனோடு பொருந்துகிறது. துளை வழி வெளியேற்றமும் நுண்குழாய் வழி ஓட்டமும் வெவ்வேறு விதிகளுக்கு உட்பட்டவை என்று தாமஸ் கிரகாமே 1846இல் பிரித்துக் காட்டிவிட்டார்.

என் பேச்சை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். பலூன்காரரிடம் கொஞ்சம் ஹீலியம் வாங்கி அதே ஊசி வழியே விடுங்கள். கிரகாம் விதிப்படி அது 39 நொடியில் இறங்க வேண்டும். ஆனால் அதன் பாகுநிலை காற்றைவிடச் சற்றே அதிகம் என்பதால், காற்று எடுத்த நேரத்தையே ஏறக்குறைய எடுக்கும்.

ஊசியைக் கழற்றிவிட்டு, சமையலறை அலுமினியத் தாளில் சிறு துண்டு வெட்டிச் சிரிஞ்சின் முனையில் அரால்டைட் வைத்து ஒட்டுங்கள். பசை நடுவில் பரவிவிடக் கூடாது. ஒட்டுவதற்கு முன்பே தாளை ஓர் அழிப்பான்மேல் வைத்து, மிக மெல்லிய தையல் ஊசியின் நுனி மட்டும் படும்படி குத்துங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளிப்புள்ளி தெரிய வேண்டும், ஊசி மறுபுறம் வந்திருக்கக் கூடாது. துளையின் ஆழம் அதன் அகலத்தைவிடக் குறைவாக இருப்பதே முக்கியம்.

பலூன் நண்பருக்கு: உங்கள் கேள்வி வேறு. ரப்பரில் துளை இல்லை. வாயு ரப்பருக்குள் கரைந்து, ஊடுருவி மறுபுறம் வெளிவருகிறது. அங்கே மோலார் நிறையை மட்டும் வைத்துக் கணக்கிட முடியாது. உலோகப் பூச்சுள்ள தாள் பலூன்கள் பல நாள் தாங்கும்.

வியாசர்பாடி டியூஷன்

நேரமும் வேகமும் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒன்று. மூலக்கூறு இரண்டு மோதல்களுக்கு இடையே செல்லும் தூரத்தைவிடத் துளை சிறிதாக இருந்தால்தான் இந்த விதி பொருந்தும் என்று படித்திருக்கிறேன். வளிமண்டல அழுத்தத்தில் அந்தத் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தையல் ஊசித் துளை அதைவிட ஆயிரம் மடங்கு பெரிதாயிற்றே?

மணலி ஆய்வகத்துக்காரர்

மிகச் சரியான கேள்வி. இந்தத் துளை வழியே மூலக்கூறுகள் தனித்தனியாக நழுவுவதில்லை, வாயு தாரையாகத்தான் பாய்கிறது. ஆனால் மெல்லிய தாளில் உராய்வுக்கு இடமில்லாததால், பிஸ்டனின் அழுத்தம் முழுவதும் தாரையின் இயக்க ஆற்றலாகிறது. ஒரே அழுத்தத்தில் அந்தத் தாரையின் வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம்; ஒரே வெப்பநிலையில் அடர்த்தி மோலார் நிறைக்கு நேர்விகிதம். வேறு வழியாகச் சென்றாலும் அதே சூத்திரத்தில்தான் வந்து நிற்கிறோம். புன்சன் பெயரால் வழங்கும் பழைய கருவி வேலை செய்வதும் இந்த அடிப்படையில்தான்.

தண்டையார்பேட்டை மாணவன்

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஹீலியம் ஊசி வழியே 103 நொடி எடுத்தது. கண்ணால் பார்த்த பிறகே நம்ப முடிந்தது. அலுமினியத் தாள் துளையில் காற்று 212 நொடியும் தெரியாத வாயு 258 நொடியும் எடுத்தன.

M = 29 × (258/212)² = 42.95

இது 44ஆக இல்லாமல் 43ஆக நிற்பது ஏன்? பையிலிருந்து எடுத்த வாயுவைக் கால்சியம் குளோரைடு குழாய் வழியே உலர்த்தித்தான் நிரப்பினேன்.

மணலி ஆய்வகத்துக்காரர்

நேரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை வந்தால், வர்க்கம் எடுப்பதால் நிறையில் இரண்டு பங்காகும். 258க்குப் பதில் 261 என்று அளந்திருந்தால் 44 வந்திருக்கும். சிரிஞ்சிலும் உலர்த்தும் குழாயிலும் பழைய காற்று தங்கியிருந்தாலும் இதே குறைவு வரும்: நூற்றுக்கு ஏழு பங்கு காற்று போதும். அதே வாயுவால் சிலமுறை நிரப்பி வெளியேற்றிவிட்டு அளந்து பாருங்கள்; நேரம் கூடினால் காற்றுதான் காரணம்.

வியாசர்பாடி டியூஷன்

ஒப்பிடும் காற்றை உலர்த்தினீர்களா? ஈரக்காற்றின் நிறை 29ஐவிடக் குறைவு. அதைத் திருத்தினால் உங்கள் விடை இன்னும் கீழேதான் போகும். அதனால் மீதமிருந்த காற்று மட்டும் காரணமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பிஸ்டனின் ஓரமாகக் கசிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். துளையை விரலால் அடைத்துவிட்டுப் பிஸ்டன் நகர்கிறதா என்று பாருங்கள்.

மணலி ஆய்வகத்துக்காரர்

கசிவைப் பார்ப்பது நல்லது. இன்னொன்று: 44 வந்தாலும் அது கார்பன் டைஆக்சைடு என்று எழுதிவிடாதீர்கள். நைட்ரஸ் ஆக்சைடும் புரொப்பேனும் அதே 44தான், துளைக்கு அவற்றைப் பிரித்தறியத் தெரியாது. மெழுகுவத்தி அணைந்ததும் தீ பற்றாததும் அவற்றுக்கு எதிரான சாட்சியே. ஆயினும் சுண்ணாம்பு நீரில் செலுத்திப் பாருங்கள், பால்போல் ஆகிறதா என்று.

தண்டையார்பேட்டை மாணவன்

காற்றை உலர்த்தவில்லை. பையில் இன்னும் இரண்டு நிரப்புக்கான வாயு இருக்கிறது. ஒன்றைச் சுண்ணாம்பு நீருக்கு வைத்துக்கொள்கிறேன். விரலால் அடைத்தபோது பிஸ்டன் மிக மெதுவாக இறங்குவதுபோல் தோன்றுகிறது; உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாளை பிஸ்டனில் ஒரு துளி பாரஃபின் எண்ணெய் தடவி, உலர்ந்த காற்றோடு மறுபடி அளந்து எழுதுகிறேன்.